பள்ளி ஆண்டு விழாவுக்கு பட்ஜெட் போடுவது எப்படி? ஸ்டால் வருமானத்தையும் ஸ்பான்சர் பணத்தையும் எங்கே வைக்க வேண்டும்

ஆண்டு விழா பட்ஜெட்டைப் பெரும்பாலான பள்ளிகளில் ஒரே தாளில் எழுதிவிடுகிறார்கள். இடது பக்கம் வரவு, வலது பக்கம் செலவு, கீழே இரண்டும் சமம். ஹெச்எம் கையெழுத்துப் போட்டுவிடுவார். ஆனால் பந்தல்காரருக்கு அட்வான்ஸ் கொடுக்க வேண்டிய நாளில் பெட்டியில் பணம் இருக்காது. வரவுப் பக்கம் எழுதிய தொகையில் பாதி, விழா அன்று இரவு ஸ்டால்களில் இருந்து வர வேண்டியதாக இருக்கும். இன்னொரு பகுதி யாரோ வாய்மொழியாகத் தருவதாகச் சொன்னதாக இருக்கும். அதனால் ஒவ்வொரு ரூபாயும் எவ்வளவு உறுதியானது, எந்தத் தேதியில் கைக்கு வரும் என்ற இரண்டையும் பார்த்துத்தான் அதை ஒரு செலவோடு சேர்க்க வேண்டும். இந்த வழிகாட்டி முழுக்க அதைப் பற்றித்தான்.

கணக்கு புரிவதற்காக ஒரு மாதிரிப் பள்ளியை வைத்துக்கொள்வோம். பெருந்துறை, சென்னிமலைப் பக்கம் ஒரு அரசு உதவி பெறும் உயர்நிலைப் பள்ளி. 420 பிள்ளைகள், 30 ஆசிரியர்களும் ஊழியர்களும். விழா பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை மாலை. பெற்றோர், ஊர்க்காரர்கள், பழைய மாணவர்கள் எல்லாம் சேர்த்து 900 பேர் வருவார்கள் என்று எடுத்துக்கொள்கிறோம். கீழே வரும் தொகைகள் உதாரணத்துக்குத்தான். உங்கள் ஊர் விலையை விசாரித்துப் போட்டுக்கொள்ளுங்கள்.

முதலில் தேதி

பட்ஜெட் போடுவதற்கு முன்னால் பஞ்சாங்கத்தைப் பாருங்கள். தை, மாசி முகூர்த்த நாளில் விழா வைத்தால் பந்தல், மைக் செட், நாற்காலி எல்லாம் கல்யாணத்துக்குப் போய்விடும். கிடைத்தாலும் வாடகை கூடும், வருவதாகச் சொன்ன சிறப்பு விருந்தினரும் மண்டபத்தில் மாட்டிக்கொள்வார். சென்னிமலைத் தைப்பூசத் தேரோட்டம், உள்ளூர் மாரியம்மன் நோம்பி இரண்டையும் தவிர்த்துவிடுங்கள். பத்தாம் வகுப்புத் தேர்வு நெருங்குவதையும் கணக்கில் வைக்க வேண்டும். நல்ல தேதி கிடைத்தால் அதுவே சில ஆயிரங்களை மிச்சப்படுத்தும்.

செலவை இரண்டாகப் பிரிப்பது

முதல் பட்டியலில், இது இல்லாமல் விழாவே நடக்காது என்பவை மட்டும் வர வேண்டும். இரண்டாவதில், இருந்தால் நன்றாக இருக்கும், குறைத்தாலும் விழா நடக்கும் என்பவை.

| செலவு | ரூபாய் |
|---|---|
| மேடை, பந்தல், நாற்காலி | 28,000 |
| மைக் செட், லைட், ஜெனரேட்டர் | 22,000 |
| சிற்றுண்டி, தண்ணீர் (450 பேர் × 25) | 11,250 |
| அழைப்பிதழ், ஃப்ளெக்ஸ் | 7,500 |
| துப்புரவு, காவல், முதலுதவி | 4,250 |
| எதிர்பாராச் செலவு | 7,000 |
| கட்டாயச் செலவு | 80,000 |
| பரிசு, கேடயம், சான்றிதழ் | 24,000 |
| நடன உடை வாடகை (120 பேர் × 150) | 18,000 |
| போட்டோ, வீடியோ | 9,000 |
| விருந்தினர் மரியாதை | 4,000 |
| குறைக்கக்கூடிய செலவு | 55,000 |

மொத்தம் 1,35,000. எதிர்பாராச் செலவைப் பலர் இரண்டாவது பட்டியலில் போடுவார்கள், அல்லது கடைசியில் மீதி இருந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுவார்கள். அது முதல் பட்டியலில்தான் இருக்க வேண்டும். விழா நடுவில் கரண்ட் போய் ஜெனரேட்டர் கூடுதலாக இரண்டு மணி நேரம் ஓடினால், டீசல் காசை அந்த இரவே கேட்பார்கள்.

கொட்டேஷன் வாங்கும்போது ஜிஎஸ்டி சேர்த்தா, சேர்க்காமலா என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பந்தல் வாடகைக்கு 18% வரும். 28,000 என்று வாயில் சொன்னது பில்லில் 33,040 ஆகிவிட்டால், எதிர்பாராச் செலவுக்கு வைத்ததில் பெரும்பகுதி அங்கேயே போய்விடும். ஏற்றி இறக்கும் கூலி, நாற்காலி உடைந்தால் யார் பொறுப்பு என்பதையும் அதே தாளில் எழுதி வாங்குங்கள்.

பரிசை ஏன் குறைக்கக்கூடியதில் வைத்தேன் என்று சிலர் கேட்கலாம். பரிசு கட்டாயம் வேண்டும். ஆனால் எத்தனை, எந்த விலையில் என்பது நம் கையில் இருக்கிறது. அப்புறம், ஸ்பான்சர் கிடைப்பதற்கு மிகவும் எளிதான தலைப்பும் அதுதான். அதை அவர்களுக்காகத் திறந்து வைப்பது நல்லது.

கட்டாயச் செலவுக்கு கையில் இருக்கும் பணம் மட்டும்

நம் மாதிரிப் பள்ளியில் நிர்வாகமும் பெற்றோர் ஆசிரியர் கழகமும் சேர்ந்து 50,000 ஒதுக்கியிருக்கிறார்கள். வங்கியில் இருக்கிறது. அப்படியானால் 80,000-க்கு இன்னும் 30,000 வேண்டும். இந்த 30,000-க்கு ஸ்டால் வருமானத்தைக் காட்டவே கூடாது. பந்தலுக்கும் மைக் செட்டுக்கும் அட்வான்ஸ் விழாவுக்கு முன்னால் போகிறது, மீதியை மறுநாள் காலை பந்தல் பிரிக்கும்போதே கேட்பார்கள். ஸ்டால் பணம் விழா இரவில் சில்லறையாக வரும், எண்ணி முடிக்கவே நேரமாகும். ஒரு மழை பெய்தால் அதுவும் வராது.

ஆகவே இந்த 30,000 ஸ்பான்சரிடம் இருந்து, அதுவும் முன்கூட்டியே வர வேண்டும். அதற்குக் கெடு வையுங்கள். விழாவுக்கு 3 வாரம் முன்னால் வங்கியில் ஏறிய தொகையை மட்டும் கட்டாயச் செலவுக்கு எதிரே எழுதுங்கள். அன்றைக்கு 30,000 சேரவில்லை என்றால் பந்தலைச் சுருக்குங்கள், மாலை வெயில் தாழ்ந்தபின் பிள்ளைகளை மைதானத்தில் ஜமக்காளம் விரித்து உட்காரவைத்து நாற்காலி எண்ணிக்கையைக் குறையுங்கள். பவானி ஜமக்காளம் ஊரில் எத்தனையோ வீட்டில் கிடக்கும், கேட்டால் கொடுப்பார்கள்.

ஸ்பான்சரிடம் தொகையாகக் கேட்காமல் பொருளாகக் கேட்பது

"ஆண்டு விழாவுக்கு ஏதாவது உதவி பண்ணுங்க" என்று போய் நின்றால் 500, 1,000 என்றுதான் வரும். ரைஸ் மில், எண்ணெய் மில், விசைத்தறிக் கூடம், பெட்ஷீட் கடை, நகைக்கடை, திருப்பூரில் பனியன் கம்பெனி வைத்திருக்கும் பழைய மாணவர் என்று நம் பக்கம் கேட்க ஆள் இருக்கிறார்கள். ஆனால் அவர்களிடம் ஏற்கனவே கோயில் கும்பாபிஷேகம், நோம்பி வரி என்று நாலு பேர் வந்து போயிருப்பார்கள். நாம் என்ன கேட்கிறோம், அது எவ்வளவு, எதில் செலவாகும் என்று தெளிவாகத் தெரிந்தால்தான் அவர்களால் உடனே முடிவு சொல்ல முடியும்.

போவதற்கு முன் பட்ஜெட்டைத் துண்டு துண்டாக வெட்டிக்கொள்ளுங்கள். 10,000-க்கு மேடை விளக்கு, 5,000-க்கு விளையாட்டுக் கேடயங்கள், 11,250-க்கு பிள்ளைகளின் சிற்றுண்டி என்று ஒரு பக்கத்தில் அச்சடித்து, எடுத்துக்கொண்டவற்றின் எதிரே டிக் போட்டுக் காட்டுங்கள். முதல் இரண்டு டிக் பழைய மாணவர்களிடம் வாங்கிவிட்டுத்தான் மற்றவர்களிடம் போக வேண்டும். யாரும் எடுக்காத தாளில் முதல் பெயராக வர ஒருவரும் விரும்புவதில்லை.

மில் முதலாளியிடம் பேச்சு பெரும்பாலும் இப்படித்தான் போகும்.

"ஏனுங்க டீச்சர், போன வருசமும் குடுத்தனே, பேரே சொல்லலீங்களே."

"இந்தத் தடவை அழைப்பிதழ்லயும் போடறோமுங்க, மேடையிலயும் வாசிக்கறோமுங்க. சிற்றுண்டி முழுசும் உங்க பேருலதானுங்க."

"சரிங்க, பண்ணிக்கலாமுங்க."

இந்தப் பதிலை பட்ஜெட்டில் என்ன செய்வது? மரியாதையாக நன்றி சொல்லிவிட்டு, "வாய்மொழி" என்ற தனிப் பத்தியில் எழுதுங்கள், பாதித் தொகையை மட்டும் வரவாக வையுங்கள். எழுத்தில் தந்தது, வங்கியில் ஏறியது முழுத்தொகை. போன வருடம் கொடுத்தார், இந்த வருடமும் கொடுப்பார் என்று நாமாக நினைப்பது பூஜ்யம்.

மாதிரிப் பள்ளியில் ஒரு பழைய மாணவர் குழு 15,000, ஒரு ரைஸ் மில் 10,000, ஒரு ஸ்டேஷனரிக் கடை 5,000 என்று வங்கியில் ஏறிவிட்டது. கட்டாயச் செலவு 80,000 நிறைந்தது. நகைக்கடை ஒன்று 12,000-க்குக் கேடயங்களைத் தானே வாங்கித் தருகிறது. இப்படிப் பொருளாக வருவதை வரவிலும் செலவிலும் இரண்டு பக்கமும் எழுத வேண்டும். இல்லையென்றால் பரிசுத் தலைப்பில் பணம் மீதி இருப்பதுபோலத் தெரியும், யாராவது அதை வேறு செலவுக்கு எடுத்துவிடுவார்கள். நிதி நிறுவனம் ஒன்று 10,000, பெட்ஷீட் கடை ஒன்று 6,000 வாய்மொழியாகச் சொல்லியிருக்கிறார்கள். 16,000-இல் பாதி, 8,000 எழுதுகிறோம்.

ரசீது விஷயத்தில் கவனம் வேண்டும். வியாபாரம் செய்பவர்கள் 80ஜி ரசீது கேட்பார்கள். பள்ளியை நடத்தும் அறக்கட்டளைக்கு 80ஜி பதிவு இருந்தால்தான் அதைத் தர முடியும். பதிவு இருந்தாலும் 2,000-க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அவர்களுக்கு வரிச்சலுகை கிடைக்காது. அதை முன்பே சொல்லிவிட்டால் காசோலையாகவோ வங்கி வழியாகவோ தருவார்கள், நமக்கும் கணக்கு சுத்தம். அழைப்பிதழில் "நன்கொடை: இன்னார்" என்று நன்றிக்காகப் பெயர் போடுவது வேறு, அவர்கள் பொருளுக்கு விளம்பரம் செய்வது வேறு. விளம்பரமாகிவிட்டால் ஜிஎஸ்டி கேள்வி வரும். பெயரோடு நிறுத்திக்கொள்ளுங்கள். புகையிலை, மதுவோடு தொடர்புள்ளவர்களிடமும் கட்சி ஃப்ளெக்ஸ் கட்டச் சொல்பவர்களிடமும் எவ்வளவு பெரிய தொகையானாலும் வாங்க வேண்டாம்.

பிள்ளைகளிடம் தலைக்கு இவ்வளவு என்று வசூலிப்பதை இந்தப் பட்ஜெட்டில் நான் சேர்க்கவே இல்லை. கட்ட முடியாத பிள்ளை நடனத்தில் இருந்து தானாகவே பின்வாங்கிவிடும், காரணத்தை நம்மிடம் சொல்லாது.

ஸ்டால்: விற்பனை வேறு, மீதி வேறு

900 பேர் வருகிறார்கள், ஆளுக்கு 50 ரூபாய் செலவழித்தால் 45,000 என்று ஒருவர் கணக்குச் சொல்வார். இந்தக் கணக்கு தப்பு. ஸ்டாலின் வருமானத்தைத் தீர்மானிப்பது வந்த கூட்டம் மட்டுமல்ல, நிகழ்ச்சிக்கு நடுவே கிடைக்கும் விற்பனை நேரமும் அடுப்பின் வேகமும்தான்.

ஒன்பதாம் வகுப்புப் பெற்றோர் போடும் குழிப்பணியார ஸ்டாலைப் பாருங்கள். 12 குழிக் கல் இரண்டு. ஒரு ஈடு வெந்து எடுக்க 6 நிமிடம். 6 நிமிடத்துக்கு 24, ஒரு மணி நேரத்துக்கு 240 பணியாரம். தட்டுக்கு 4 என்றால் மணிக்கு 60 தட்டு. விழா 5 மணி நேரம் நடந்தாலும், தன் பிள்ளை மேடையில் இருக்கும்போது யாரும் ஸ்டாலுக்கு வரமாட்டார்கள். தொடங்குவதற்கு முன் ஒன்றரை மணி நேரம், நடுவிலும் முடிவிலும் ஒரு மணி நேரம் என்று மொத்தம் இரண்டரை மணி நேர விற்பனைதான். எத்தனை பேர் வரிசையில் நின்றாலும் 150 தட்டுக்கு மேல் போடவே முடியாது. தட்டு 20 ரூபாய் என்றால் 3,000.

செலவு? 150 தட்டுக்கு 600 பணியாரம். ஒரு கிலோ இட்லி அரிசியும் கால் கிலோ உளுந்தும் அரைத்த மாவில் ஏறத்தாழ 80 வரும், ஆக ஏழரைக் கிலோ அரிசி. உளுந்து, எண்ணெய், சட்னி, தட்டு, கேஸ் எல்லாம் சேர்த்து 1,500 பக்கம் ஆகும். முழுக்க விற்றால் மீதி 1,500. கூட்டம் குறைந்து 90 தட்டுதான் போனது என்றால் வரவு 1,800. மாவும் சட்னியும் ஏற்கனவே அரைத்தாகிவிட்டது, செலவு பெரிதாகக் குறையாது. மீதி 300.

இதனால்தான் உணவு ஸ்டாலில் பாதிக்கு மேல் முன்கூட்டியே செய்து கொண்டுவரக்கூடியதாக இருக்கட்டும் என்கிறேன். எள்ளுருண்டை, கடலை மிட்டாய், ஒப்புட்டு, வேகவைத்த கடலை. இவை வரிசையை வேகமாக நகர்த்தும், மிஞ்சினாலும் கெடாதவை அதிகம். சுடச்சுட ஒன்றிரண்டு போதும். வளையம் எறிவது, பந்தடிப்பது போன்ற விளையாட்டு ஸ்டால்களை எல்லோரும் சிறிதாக நினைப்பார்கள். பரிசுப் பொருளை வசூலில் மூன்றில் ஒரு பங்குக்குள் வைத்தால், ரூபாய்க்கு ரூபாய் மீதி அதிகம் தருவது அவைதான்.

வெளி வியாபாரிகளுக்கு இடம் கொடுத்தால் பங்கு பேசாதீர்கள், நிலையான வாடகை வாங்குங்கள். எவ்வளவு விற்றார்கள் என்று அன்றிரவு யாராலும் சரிபார்க்க முடியாது. உணவு விற்பவரிடம் உணவுப் பாதுகாப்புப் பதிவுச் சான்றின் நகல் கேளுங்கள். பள்ளி வளாகத்திலும் பள்ளி வாசலில் இருந்து 50 மீட்டருக்குள்ளும் கொழுப்பு, சர்க்கரை, உப்பு மிகுந்த உணவு விற்க 2020-இல் வந்த உணவுப் பாதுகாப்பு விதிமுறை தடை செய்கிறது. ஆகவே குளிர்பானம், சிப்ஸ் ஸ்டாலுக்கு எவ்வளவு வாடகை தந்தாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

மாதிரிப் பள்ளியில் வெளியார் ஸ்டால் 5, வாடகை தலா 800. முன்பணமாக வாங்கியதால் 4,000 உறுதி. வகுப்புகள் போடும் உணவு ஸ்டால் 5, விளையாட்டு 3. தலா 1,000 மீதி என்று வைத்தால் 8,000. இதிலும் பாதிதான் எழுத வேண்டும், அதாவது 4,000. ஆக பட்ஜெட்டில் ஸ்டால் வரவு 8,000.

இடைவெளியை அடைப்பது

குறைக்கக்கூடிய செலவு 55,000. அதற்கு எதிரே இருப்பது கேடயமாக 12,000, வாய்மொழி 8,000, ஸ்டால் 8,000, மொத்தம் 28,000. 27,000 துண்டு விழுகிறது. இந்த இடத்தில்தான் பலர் ஸ்டால் வரவை 35,000 என்று திருத்தி எழுதி சமம் செய்துவிடுவார்கள். அதற்குப் பதிலாகச் செலவைக் கீழே கொண்டுவாருங்கள்.

நடன உடையை 18,000-இல் இருந்து 9,000 ஆக்கலாம். வேட்டி, சட்டை, பாவாடை தாவணியில் ஆடக்கூடிய கும்மி, ஒயிலாட்டம், கோலாட்டம் பாதி இருந்தால் வாடகை உடையே பாதிப் பிள்ளைகளுக்குத்தான் தேவைப்படும். வீடியோவை விட்டுப் போட்டோ மட்டும் எடுத்தால் 4,000. பரிசில் விலை உயர்ந்த பொருள்களை நிறுத்திப் புத்தகம், சான்றிதழ் என்று போனால் 18,000. விருந்தினருக்குப் பொன்னாடைக்குப் பதில் சென்னிமலைத் துண்டு போட்டால் 2,000 போதும். கூட்டினால் 33,000. இன்னும் 5,000 குறைகிறது. விளையாட்டுக் கேடயத்துக்கு ஒரு ஸ்பான்சர் தேடுவது என்று அதைத் தனியாக எழுதி, அது வந்தபிறகுதான் அந்தக் கேடயங்களுக்கு ஆர்டர் கொடுக்க வேண்டும்.

இப்போது மொத்தம் 1,13,000. ஸ்டால் வரவை எந்தச் செலவோடு சேர்ப்பது? விழா முடிந்தபிறகு பணம் கொடுக்கக்கூடிய செலவோடு. போட்டோகாரருக்கு ஆல்பம் தரும்போது மீதி கொடுக்கிறோம், உடை வாடகையில் பாதியை உடை திருப்பித் தரும்போது கொடுக்கிறோம். இரண்டையும் முன்பே பேசி வைத்துவிடுங்கள்.

விழா அன்று கூப்பன்

வகுப்பு ஸ்டால்களில் ரொக்கம் கைமாறவே கூடாது. வாசலருகே ஒரே மேசையில் 10 ரூபாய்க் கூப்பன் விற்க வேண்டும். வரிசை எண் அச்சடித்து, பின்னால் பள்ளி முத்திரை. மேசையில் ஓர் ஆசிரியர், பெற்றோர் ஆசிரியர் கழகத்தில் இருந்து ஒருவர். ஜிபே ஸ்கேனர் பள்ளிக் கணக்கோடது மட்டும்தான் இருக்க வேண்டும், ஆசிரியரின் சொந்த எண்ணை ஒட்டாதீர்கள். மேசையை மூடும்போது கடைசி வரிசை எண்ணில் இருந்து விற்ற கூப்பன் தெரியும், ரொக்கமும் ஸ்கேனரில் ஏறியதும் அதோடு ஒத்துப்போக வேண்டும். ஸ்டால்களில் சேர்ந்த கூப்பன் விற்றதைவிடக் கூடுதலாக இருந்தால், விற்றதாகக் கணக்கில் வராத கூப்பன் எங்கோ வெளியே போயிருக்கிறது என்று அர்த்தம், அன்றைக்கே கண்டுபிடித்துவிடலாம்.

1,600 கூப்பன் விற்று 16,000 வந்தது என்று வைத்துக்கொள்வோம். வகுப்புகள் பில் காட்டிய மளிகையும் பரிசுப் பொருளும் 8,700. மீதி 7,300. மேடையில் அறிவிப்பதானால் இந்த 7,300-ஐ அறிவியுங்கள். 16,000 என்று மைக்கில் சொல்லிவிட்டால் மறுநாள் ஊரெல்லாம் அந்தத் தொகைக்குத்தான் கணக்குக் கேட்கும்.

மைக் செட்டை இரவு 10 மணிக்குள் நிறுத்த வேண்டும் என்பது சட்டம். நிகழ்ச்சி நீண்டுபோகும் என்று தோன்றினால் நடனத்தைச் சுருக்குங்கள், ஜெனரேட்டர் செலவும் அதோடு நிற்கும்.

கணக்கை முடிப்பது

நிதி நிறுவனம் 10,000-க்கு 5,000 கொடுத்தது. பெட்ஷீட் கடை பணத்துக்குப் பதில் துண்டுகளைக் கொடுத்துவிட்டது, அதைப் பொருள் வரவில் எழுதியாயிற்று. கேடயத்துக்கு 5,000 கிடைத்தது. டீசலுக்கு எதிர்பாராச் செலவில் 4,200 போனது, 2,800 மிஞ்சியது. ரொக்க வரவு: 50,000, 30,000, 5,000, 5,000, ஸ்டால் 11,300, ஆக 1,01,300. ரொக்கச் செலவு: கட்டாயத்தில் 77,200, மற்றதில் நகைக்கடை தந்த 12,000 போக 21,000, ஆக 98,200. மீதி 3,100. வாய்மொழியில் 8,000 எழுதியதற்கு 5,000-தான் வந்தது, ஸ்டாலில் எதிர்பார்த்ததைவிட 3,300 கூடுதல். பாதி எழுதும் வழக்கம் இங்கே காப்பாற்றியிருக்கிறது.

ஒரு வாரத்துக்குள் இந்த வரவு செலவை ஒரு பக்கமாக அச்சடித்துப் பள்ளித் தகவல் பலகையில் ஒட்டுங்கள், ஸ்பான்சர் ஒவ்வொருவருக்கும் ரசீதோடு ஒரு பிரதியும், அவர்கள் பணத்தில் வாங்கிய பொருளின் போட்டோவும் அனுப்புங்கள். அடுத்த வருடம் அதே மில்லுக்குப் போகும் ஆசிரியருக்கு இந்தத் தாள்தான் கை கொடுக்கும். மீதி 3,100-ஐ ஆசிரியர் கையில் வைத்திருக்காமல் கழகக் கணக்கில் கட்டி, "அடுத்த ஆண்டு பந்தல் அட்வான்ஸ்" என்று தீர்மானப் புத்தகத்தில் எழுதுங்கள். எந்த ஸ்டால் எத்தனை தட்டு விற்றது, எத்தனை மணிக்குத் தீர்ந்தது என்ற குறிப்பையும் அதே கோப்பில் சேர்த்து வையுங்கள்.